உஷார்! கொடிமலை ரயிலை ஐந்து மடங்கு விசையோடு இழுக்கிறீர்கள்

அன்புள்ள முதலாண்டு மாணவர்களே,

உங்கள் மூன்றாவது பயிற்சித் தொகுப்பை நேற்றிரவு திருத்தி முடித்தேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. நான்காம் கேள்விக்கு 79,600 நியூட்டன் என்ற விடை கட்டுக்கட்டாக வந்திருக்கிறது. சரியான விடை 16,200. தப்பாகப் போட்டதற்காக நான் கவலைப்படவில்லை. முதலாண்டில் தப்புப் போடாமல் இயற்பியல் கற்றவர் யாரும் இல்லை, நான் உட்பட. என்னை உலுக்கியது வேறு. தாளுக்குத் தாள் அதே தப்பு, அதே வரிசை, மூன்றாம் வரியில் மூட மறந்த அதே அடைப்புக்குறி. இருவர் கோணத்தைக்கூட மாற்றவில்லை. கேள்வியில் 25 பாகை, அவர்கள் தாளில் 30.

சீனியர்களின் விடைக்கோப்பு ஒன்று உங்கள் புலனக் குழுவில் சுற்றுகிறது. யார் அனுப்பியது, யார் இறக்கிக்கொண்டது என்று நான் விசாரிக்கப் போவதில்லை. அந்தக் கோப்பு போன ஆண்டுக் கேள்விக்கானது. இந்த ஆண்டு நான் கேள்வியை மாற்றிவிட்டேன் என்பதைக் கவனித்தவர்கள் மிகச் சிலர். இடைத்தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. அன்று உங்கள் மேசையில் பேனாவும் கால்குலேட்டரும் மட்டுமே இருக்கும். அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

என் வீடு ஆயர் ஈத்தாமில். காலையில் சந்தைப் பக்கம் பசியாறப் போகும்போது ஒரு பக்கம் கெக் லோக் சி கோயில் தெரியும், இன்னொரு பக்கம் கொடிமலை. மலையடிவார நிலையத்திலிருந்து ஒரு பெட்டி ஏறும்போது, உச்சியிலிருந்து இன்னொரு பெட்டி இறங்கும். இரண்டும் ஒரே இருப்புக்கம்பி வடத்தின் இரு முனைகள். பாதி வழியில் ஒன்றையொன்று விலகிக் கடக்கும். உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள், சிலர் மேலேயுள்ள முருகன் கோயிலுக்குப் பெற்றோரோடு போயிருப்பீர்கள். அதைத்தான் கேள்வியாகக் கேட்டேன். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை: காலிப் பெட்டி ஒவ்வொன்றும் 14,000 கிலோ, ஆளுக்கு 65 கிலோ, சரிவு முழுக்க 25 பாகை, உராய்வு இல்லை, வடத்தின் எடையை விட்டுவிடலாம். ஏறும் பெட்டியில் 80 பேர், இறங்கும் பெட்டியில் 20 பேர். சீரான வேகத்தில் ஓட மோட்டார் எவ்வளவு விசை தர வேண்டும்?

போன ஆண்டுக் கேள்வியில் ஒரே ஒரு பெட்டிதான். வின்ச் வைத்து அதைச் சரிவில் மேலே இழுக்க வேண்டும். அதற்கான சூத்திரம் உங்கள் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் நாள்களிலேயே பழகியது:

```
T = (M + m) g sin θ
```

14,000 கிலோவோடு 80 பேரின் 5,200 கிலோவைக் கூட்டினால் 19,200. அதை 9.81ஆலும் sin 25° ஆகிய 0.4226ஆலும் பெருக்கினால் சுமார் 79,600 நியூட்டன். கோப்பைப் பார்த்து எழுதியவர்கள் செய்தது இதுதான். இறங்கும் பெட்டியில் 20 பேர் இருப்பதாகக் கேள்வியில் எழுதியிருந்தேன். அந்த 20 பேர் உங்கள் தாளில் எங்கேயுமே வரவில்லை. கேள்வியில் கொடுத்த ஓர் எண்ணைத் தொடாமலேயே விடை வந்துவிட்டால் அந்த இடத்தில் மனசுக்குள் மணி அடிக்க வேண்டும். பார்த்து எழுதும் கைக்கு அந்த மணி கேட்காது.

இப்போது படம் வரைந்து போடுவோம். மேல் நிலையத்தில் ஒரு பெரிய சக்கரம், அதன் இரு பக்கமும் வடம். ஏறும் பெட்டி தன் பக்க வடத்தை 79,600 நியூட்டனில் கீழே இழுக்கிறது. இறங்கும் பெட்டி 15,300 கிலோ. அதுவும் தன் பக்க வடத்தை இதே முறையில் சுமார் 63,400 நியூட்டனில் இழுக்கிறது. சக்கரத்தை எதிரெதிர்த் திசையில் சுழற்றப் பார்க்கும் இரண்டு விசைகள் இவை. மோட்டாரின் வேலை வித்தியாசத்தை மட்டும் ஈடுகட்டுவது:

```
F = (m1 − m2) g sin θ
  = (5200 − 1300) × 9.81 × 0.4226
  ≈ 16,200 N
```

பெட்டியின் எடை M காணாமல் போய்விட்டதைப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக இருப்பதால் அது தானே கழிந்துவிடுகிறது. ஒரு மலைக்கு இரண்டு பெட்டிகளை ஏன் ஒன்றோடொன்று கட்டுகிறார்கள் என்பதற்கான முழு விடையும் அந்த ஒரு எழுத்து மறையும் வரியில்தான் இருக்கிறது. இதைத் தானே போட்டவர் அந்த வரியில் ஒரு நொடியாவது நின்றிருப்பார். பார்த்து எழுதியவருக்கு அந்த வரியே வந்திருக்காது.

இதில் ஆபத்து என்னவென்றால் 79,600 பொய்யான எண் அல்ல. ஏறும் பெட்டியின் பக்கத்து வடத்தில் உள்ள இழுவிசை அதுவேதான். வடம் எவ்வளவு தாங்க வேண்டும் என்று கேட்டிருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். நான் கேட்காத கேள்விக்குச் சரியான விடை அது. முழுத் தப்பாக இருந்தால் எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். இது அலகும் அளவும் பொருந்தி, அழகாக அடிக்கோடு போட்டு உட்கார்ந்திருப்பதால்தான் சந்தேகமே வரவில்லை.

சரி, இனி ஒரே ஒரு மாற்றம். மாலை ஆகிவிட்டது, மலைமேல் இருந்தவர்கள் வீடு திரும்புகிறார்கள். ஏறும் பெட்டியில் 20 பேர், இறங்கும் பெட்டியில் 80 பேர். விடை −16,200. இதை வகுப்பில் கேட்டபோது கழித்தல் குறியைச் சிலர் அழித்தே விட்டார்கள், விசை எப்படி ஐயா மைனஸில் வரும் என்று. வரும். அந்தக் குறி மோட்டார் இழுக்க வேண்டாம், பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். நகரும் மொத்த எடை 34,500 கிலோ, தடுக்க யாருமில்லாத விசை 16,200 நியூட்டன். முடுக்கம் வினாடிக்கு வினாடி 0.47 மீட்டர். நின்ற நிலையிலிருந்து 20 வினாடியில் மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம், அதுவும் ஏறிக்கொண்டே போகும். நூறு பேர் உள்ளே இருக்கிறார்கள். அந்தக் கழித்தல் குறியை அழிப்பது பிரேக்கையே அழிப்பதாகும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உங்களில் பாதிப் பேர் இன்னும் நான்கு ஆண்டில் பொறியியல் பக்கம் போகப் போகிறீர்கள்.

அடுத்தவர் விடையைப் பார்ப்பது பற்றி இந்த மலைக்கே ஒரு கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடிமலைக்கு முதலில் போட்ட ரயில்பாதை தொழில்நுட்பக் கோளாறுகளால் பயன்படாமலே போனது. பிறகு மலாய் மாநில ரயில்வேயின் பொறியாளர் ஆர்னால்டு ஜான்சன் சுவிட்சர்லாந்து சென்று அங்குள்ள மலை ரயில்களைப் பார்த்துப் படித்து வந்தார். 1923இல் ஓடத் தொடங்கியது அவர் வடிவமைத்த பாதை. பாதி வழியில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டிய இரண்டு கட்டப் பாதை அது. உங்கள் அப்பா அம்மாவுக்கு அப்படிப் பெட்டி மாறிய காலம் நினைவிருக்கும், கேட்டுப் பாருங்கள். 2010இல் அதை நிறுத்தி, 2011இல் அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே ஓட்டமாகப் போகும் இப்போதைய ரயிலை விட்டார்கள். ஜான்சன் சுவிஸ்காரர்கள் போட்டு முடித்த விடைகளைப் பார்த்தவர்தான். பார்ப்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஊர் மலையின் சரிவும் வளைவும் இந்த மலைக்குப் பொருந்தாது. எண்களை அவர் இங்கே வந்துதான் போட்டிருக்க முடியும்.

பார்த்து எழுதினால் மதிப்பெண் குறையும் என்பது வாத்தியார்களின் பழைய மிரட்டல் என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டேவிட் பிரிட்சர்டும் அவருடைய குழுவினரும் முதலாண்டு இயற்பியல் மாணவர்களின் வீட்டுப்பாடத்தை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாடம் கணினி வழியாக இருந்ததால், ஒரு மாணவர் கேள்வியைத் திறந்து எவ்வளவு நேரத்தில் விடையைப் போட்டார் என்பது பதிவாகிவிட்டது. கேள்வியை ஒழுங்காக வாசித்து முடிக்கக்கூடப் போதாத நேரத்தில், முதல் தடவையிலேயே சரியான விடை விழுந்தால் அது எங்கிருந்து வந்திருக்கும்? இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். கெடு நெருங்க நெருங்கப் பார்த்து எழுதுவது கூடியது. பார்த்து எழுதாதவர்கள் சில நாள் முன்பே பாதிக்குமேல் முடித்திருந்தார்கள், மற்றவர்கள் கடைசி இரவுக்குத் தள்ளியிருந்தார்கள். அடிக்கடி பார்த்து எழுதியவர்கள் சேரும்போது மற்றவர்களைவிட அறிவில் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் பருவ முடிவில், சூத்திரம் அமைத்துப் போட வேண்டிய தேர்வுக் கணக்குகளில் பின்தங்கினார்கள். பாடத்தில் தோற்கும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது.

அந்தக் கட்டுரையில் எனக்கு உறைத்த இடம் ஒன்று உண்டு. எம்.ஐ.டி. பாடம் நடத்தும் விதத்தை மாற்றியது. ஒரே பெரிய வீட்டுப்பாடத்தைச் சிறு சிறு துண்டுகளாக வேறு வேறு நாளில் கேட்டது மாற்றங்களில் ஒன்று. பார்த்து எழுதிய கணக்குகள் மொத்தத்தில் 11 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காட்டுக்கும் கீழே வந்தன. அப்படியென்றால் இதில் என் பங்கும் இருக்கிறது. எட்டுக் கணக்கையும் ஒரே வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குக் கேட்டவன் நான்தானே. அடுத்த தொகுப்பிலிருந்து நான்கு கணக்கு செவ்வாய், நான்கு கணக்கு வெள்ளி.

விடைக்கோப்பைக் கொளுத்தச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். போட்டு முடித்த கணக்கைப் பார்த்துக் கற்பது முதலாண்டு மாணவருக்கு நல்ல வழிதான். எப்படிப் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மிஷலின் சீ என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. சிறிய ஆய்வுதான், சில மாணவர்கள் மட்டும். பாடமோ நம்முடையதேதான்: கயிறு, கட்டை, சாய்தளம், நியூட்டன் விதிகள். போட்டு முடித்த கணக்குகளை வாய்விட்டுப் பேசிக்கொண்டே படிக்கச் சொன்னார்கள். பின்னால் நன்றாகக் கணக்குப் போட்டவர்கள் ஒவ்வொரு வரியிலும் நின்றிருந்தார்கள். இந்த விசை ஏன் இந்தப் பக்கம், ஏன் இங்கே சைன், இந்த வரி எனக்குப் புரியவில்லையே என்று தங்களுக்குள்ளேயே வாதாடினார்கள். சரியாகப் போடாதவர்கள் அவ்வளவு நிற்கவில்லை, புரிகிறது என்று சொல்லி நகர்ந்தார்கள். தாங்களே போடும் நேரம் வந்ததும் அவர்கள் பழைய கணக்கை மறுபடி மறுபடி திறந்து வரிவரியாக வாசித்தார்கள். நன்றாகப் போட்டவர்களும் திறந்தார்கள், ஆனால் ஒரே ஒரு வரியைத் தேடி.

ஆக, புரிகிறது என்ற உணர்வை நம்பாதீர்கள். அடுத்தவர் போட்ட கணக்கை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து இயல்பாகவே வருவதுபோல் தோன்றும். எந்த வரியை முதலில் எழுதுவது என்ற முடிவைத்தான் அந்தச் சீனியர் உங்களுக்காக எடுத்து வைத்துவிட்டார். தேர்வில் நான் சோதிப்பதும் அந்த முடிவைத்தான், பெருக்கலை அல்ல.

இன்று மாலையே நான்காம் கேள்வியை எடுங்கள். கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். வெற்றுத் தாளில் முதலில் படம்: சக்கரம், இரு பெட்டி, எந்தத் திசை நேர்மறை என்று ஓர் அம்பு. எழுதத் தொடங்கும் முன்பே ஓர் ஊகத்தைத் தாளின் ஓரத்தில் போட்டு வையுங்கள். இரு பெட்டியிலும் ஒரே அளவு ஆள் இருந்தால் விடை என்னவாக இருக்க வேண்டும்? பூச்சியம். உங்கள் சூத்திரத்தில் m1, m2 இரண்டையும் சமமாக்கிப் பாருங்கள். பூச்சியம் வராவிட்டால் எண்ணைப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை, சூத்திரமே தப்பு. ஒற்றைப் பெட்டிச் சூத்திரத்தை இந்த ஒரு சோதனையே பிடித்துக் கொடுத்திருக்கும், அரை நிமிடத்தில்.

இருபது நிமிடம் முட்டிப் பார்த்தும் நகரவில்லை என்றால் விடையைத் திறக்கலாம். ஆனால் ஒரு வரி மட்டும் பார்த்து மூடிவிட வேண்டும். மீதியைத் தாளால் மறைத்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு அந்த வரி ஏன் வந்தது என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதிவிட்டுத் தொடருங்கள். தமிழோ மலாயோ ஆங்கிலமோ, எனக்கு ஒன்றுதான். மறுநாள் காலையில் எதையும் பார்க்காமல் புதுத் தாளில் மறுபடியும் முதலிலிருந்து போடுங்கள். அன்றும் நடுவில் நின்றுபோனால் நேற்று கற்றது உங்களுடையது ஆகவில்லை. நண்பர்களோடு உட்கார்ந்து போடுவதை நான் தடுக்கவில்லை. பேசிவிட்டு எழுந்து போய்த் தனித்தனியாக எழுதுங்கள், ஒரே தாளைச் சுற்றி உட்கார்ந்து எழுத வேண்டாம்.

கணக்கு உங்கள் வசம் வந்துவிட்டதா என்று அறிய ஒரு நிபந்தனையை மாற்றிப் பார்ப்பதைவிட நல்ல வழியை நான் இதுவரை காணவில்லை. கேள்வியில் வடத்தின் எடையை விட்டுவிடலாம் என்றேன். விடாமல் பார்ப்போம். பாதை சுமார் 2 கிலோமீட்டர். மீட்டருக்கு 5 கிலோ என்று வைத்தால் வடம் முழுவதும் 10,000 கிலோ. இரு பெட்டியின் ஆள் வித்தியாசமோ வெறும் 3,900 கிலோ. நாம் அலட்சியமாக விட்டது நாம் கணக்கிட்டதைவிடப் பெரியது.

80 பேர் ஏறும் பெட்டி அடிவாரத்தில் நிற்கும்போது வடம் முழுக்க அதன் பக்கம் தொங்குகிறது. மோட்டார் 13,900 கிலோவின் சரிவு எடையைச் சமாளிக்க வேண்டும், அதாவது சுமார் 57,600 நியூட்டன். நடுவழியில் பெட்டிகள் விலகும் இடத்தில் வடம் இரு பக்கமும் சமம், பழைய 16,200 அங்கே மட்டும்தான் சரி. அதற்கும் மேலே போனால் வடத்தின் எடை இறங்கும் பக்கம் சேர்ந்து நமக்கு உதவத் தொடங்குகிறது. 1,390 மீட்டர் ஏறியதும் விசை பூச்சியம். அதற்கு அப்புறம் உச்சி வரைக்கும், 80 பேரை மேலே ஏற்றிக்கொண்டு போகும்போதே, மோட்டார் இழுக்காமல் பிரேக் பிடிக்க வேண்டும். உண்மையான பாதையில் சரிவு இடத்துக்கு இடம் மாறும், உராய்வும் உண்டு, ஆகவே இந்த எண்களைக் கொண்டுபோய் நிலைய அதிகாரியிடம் வாதாடாதீர்கள். ஆனால் ஏற்றும்போதே பிரேக் என்ற அந்த விசித்திரம் எந்தச் சீனியர் கோப்பிலும் இல்லை. 1,390 எங்கிருந்து வந்தது என்று நான் எழுதவில்லை, வேண்டுமென்றேதான்.

வியாழக்கிழமை டியூட்டோரியலில் பெயர் சொல்லி அழைப்பேன். அழைத்தவர் வெண்பலகையில் 1,390ஐக் கொண்டுவர வேண்டும். நின்றுபோனாலும் பரவாயில்லை, நின்ற இடத்திலிருந்து சேர்ந்து போவோம். மூன்றாவது தொகுப்பை மறுபடி சமர்ப்பிக்க விரும்புகிறவர்களுக்குத் திங்கள்கிழமை வரை நேரம் உண்டு, முந்தைய மதிப்பெண்ணை அழித்துவிடுகிறேன். கையால் எழுதுங்கள். அடித்ததையும் திருத்தியதையும் அப்படியே விட்டு வையுங்கள், எனக்கு வேண்டியது அவைதான்.

உங்கள் இயற்பியல் விரிவுரையாளர்,
ஆயர் ஈத்தாம்